பட்டியலில் இடம் பிடிக்காத எண்

வணக்கம் நேயர்களே. பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சைக் காதால் மட்டும் கேட்டால் பாதிதான் பிடிபடும்.

பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் உள்ள எண்களை எடுத்துக்கொள்வோம். இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் வரி வரியாக எழுத முடியுமா? நோட்டுக்குக் கடைசிப் பக்கமே கிடையாது, எழுதுகிறவருக்குச் சோர்வும் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். எந்த எண்ணைக் கேட்டாலும் ‘அது இத்தனையாவது வரியில் இருக்கிறது’ என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும். வரி எண் கோடியாக இருக்கலாம், கோடி கோடியாகவும் இருக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு வரி இருந்தாக வேண்டும்.

எண்கள் முடிவில்லாமல் போகின்றனவே, எப்படிப் பட்டியல் போடுவது என்று சிலர் உடனே கேட்பார்கள். முடிவில்லாமை ஒரு தடையே இல்லை. பின்னங்களை மட்டும் எடுத்தால் சுலபமாகப் போட்டுவிடலாம். முதலில் 1/2. அடுத்து கீழே மூன்று வருகிறவை: 1/3, 2/3. அப்புறம் கீழே நான்கு: 1/4, 3/4. 2/4 என்பது 1/2-தானே, அது வந்துவிட்டது, விட்டுவிடலாம். இப்படியே போனால் எந்தப் பின்னமும் தப்பாது. மெய்யெண்கள் எல்லாவற்றுக்கும், அதாவது தசமப் புள்ளிக்குப் பின்னால் எப்படி வேண்டுமானாலும் ஓடும் எண்களுக்கும், இது நடக்குமா என்பதுதான் கேள்வி. 1873 நவம்பரில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து கணிதவியலாளர் கியோர்க் கேன்டர் தன் நண்பர் டெடெகிண்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் கேட்டார். நண்பருக்கும் விடை தெரியவில்லை. டிசம்பருக்குள் கேன்டரே கண்டுபிடித்துவிட்டார்: முடியாது. ஆனால் அந்த முதல் நிரூபணம் வேறு வகை. நாம் பார்க்கப்போகிற மூலைவிட்ட வழியை அவர் 1891-இல்தான் வெளியிட்டார்.

சரி, பென்சிலை எடுங்கள். யாரோ ஒருவர் ‘நான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்’ என்று நோட்டை நீட்டுகிறார். அதன் முதல் ஐந்து வரிகள் இவை. ஒன்றன்கீழ் ஒன்றாக, இலக்கங்கள் நேராக நிற்கும்படி எழுதிக்கொள்ளுங்கள்.

0.33333…
0.25000…
0.71828…
0.41421…
0.14285…

முதல் வரியில் முதல் இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், அது 3. இரண்டாம் வரியில் இரண்டாம் இலக்கம், 5. மூன்றாவதில் மூன்றாவது, 8. நான்காவதில் நான்காவது, 2. ஐந்தாவதில் ஐந்தாவது, மறுபடியும் 5. வட்டங்கள் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது பக்கமாகச் சாய்வாக இறங்குகின்றன. மூலைவிட்டம் என்று பெயர் வந்தது இதனால்தான்.

இப்போது ஒரு புது எண் செய்வோம். விதி சின்னது: வட்டத்துக்குள் 5 இருந்தால் 6 எழுது, வேறு எது இருந்தாலும் 5 எழுது. நமக்குக் கிடைப்பது 0.56556… நோட்டு போகிற வரைக்கும் இதுவும் போகும்.

இந்த எண் நோட்டில் எந்த வரியில் இருக்கிறது? முதல் வரியில் இல்லை, ஏனென்றால் அதன் முதல் இலக்கம் வேறு. இரண்டாம் வரியிலும் இல்லை, இரண்டாம் இலக்கம் வேறு. ‘ஆயிரமாவது வரியில் இருக்கும்’ என்கிறாரா? அந்த வரியின் ஆயிரமாவது இலக்கத்தைப் பார்த்துத்தானே நம் எண்ணின் ஆயிரமாவது இலக்கத்தை மாற்றி எழுதினோம். எந்த வரியைச் சொன்னாலும் இதே பதில்தான். ஆக, விட்டுப்போன எண் ஒன்று இதோ கையில் இருக்கிறது.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவன் எழுந்து, ‘சார், விட்டுப்போனதை நோட்டின் தலையில் எழுதிவிட்டால் சரியாகிவிடாதா?’ என்றான். நல்ல கேள்வி. எழுதிக்கொள், தாராளமாக. மற்ற வரிகள் ஒவ்வொன்றும் ஒரு படி இறங்கும். இப்போது உன்னிடம் இருப்பது வேறொரு பட்டியல், அதற்கு வேறொரு மூலைவிட்டம். அதிலிருந்து இன்னொரு எண் வெளியே வந்து நிற்கும். நாம் காட்டியது ஒரு குறிப்பிட்ட நோட்டின் குறையை அல்ல. எந்த நோட்டைக் கொண்டுவந்தாலும் விட்டுப்போன எண்ணைச் செய்து தருகிற வழியைக் காட்டியிருக்கிறோம்.

அதென்ன 5-உம் 6-உம், ஏதாவது இலக்கத்துக்கு மாற்றினால் போதாதா என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலர் சறுக்குவது இங்கேதான். 0.4999… என்று ஒன்பது ஓடிக்கொண்டே இருந்தால் அது 0.5-க்குச் சமம். கிட்டத்தட்ட அல்ல, அதே எண்தான், எழுதும் விதம்தான் இரண்டு. ஆகவே இலக்கம் வேறாக இருந்தால் எண்ணும் வேறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ‘ஒவ்வொரு இலக்கத்திலும் ஒன்றைக் கழி, பூஜ்யம் இருந்தால் 9 எழுது’ என்று ஒருவர் விதி வைத்துக்கொள்கிறார் என்போம். அவரிடம் இந்த நோட்டைக் கொடுங்கள்: முதலில் 0.5. பிறகு 0.1, 0.2 என்று மீதி ஒற்றை இலக்கத் தசமங்கள். அப்புறம் 0.01, 0.02 என்று இரண்டு இலக்கத் தசமங்கள், பிறகு மூன்று இலக்கம், இப்படியே. முதல் வட்டத்தில் 5, அதற்குப் பின் எல்லா வட்டங்களிலும் பூஜ்யம்தான். அவர் செய்த எண் 0.4999… அதாவது 0.5. முதல் வரியிலேயே உட்கார்ந்திருக்கிறது! நம் விதியில் 0-உம் 9-உம் வரவே வராது. அந்த இரட்டை வேடம் 0 அல்லது 9 முடிவில்லாமல் ஓடும்போது மட்டுமே நேரும் என்பதால் நமக்கு அந்த ஆபத்து இல்லை.

இன்னொரு சந்தேகம் வர வேண்டும், வராவிட்டால் நானே கிளப்பிவிடுகிறேன். பின்னங்களைப் பட்டியல் போடலாம் என்றேன். அந்தப் பட்டியலிலும் மூலைவிட்டம் போட்டு ஒரு எண் செய்யலாமே, அப்படியானால் பின்னங்களும் விட்டுப்போகின்றனவா? செய்து பார்ப்போம். 1/2-இன் முதல் இலக்கம் 5, ஆகவே 6. 1/3-இன் இரண்டாவது 3, ஆகவே 5. 2/3-இன் மூன்றாவது 6, ஆகவே 5. 1/4, 3/4 இரண்டிலும் பூஜ்யம், ஆகவே 5, 5. எண் 0.65555… என்று போகிறது. பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது, இல்லையா? ஐந்தே ஓடினால் இது 59/90. அது பின்னம், அது நோட்டில் எங்கோ இருக்கிறதே!

பொறுமையாகக் கணக்கிட்டுக்கொண்டே போங்கள். ஏழின் பின்னங்கள் வரும், எட்டின் பின்னங்கள் வரும், அப்போதும் ஐந்துதான். ஒன்பதின் பின்னங்கள் 22-ஆம் வரியில் தொடங்குகின்றன: 1/9, 2/9, 4/9. அடுத்து 25-ஆம் வரியில் 5/9 வருகிறது. அதன் இலக்கங்கள் எல்லாமே 5. நம் எண்ணின் 25-ஆவது இடத்தில் 6 விழுகிறது, 59/90 அங்கேயே கழன்றுகொள்கிறது. மற்ற பின்னங்களுக்கும் அவரவர் வரியில் இதே கதிதான். நமக்குக் கிடைத்த எண் புதியதுதான், ஆனால் அது பின்னமே அல்ல. பின்னங்களின் நோட்டில் அது இல்லாததில் தவறு ஏதும் இல்லை.

நன்றி, வணக்கம்.