தேருக்கு லீவு கேட்கும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் பல வருடங்கள் வேலைநேரப் பட்டியல் போட்டவன் நான். லீவு கேட்டு வரும் கடிதமெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். நல்லூர்த் தேருக்கு இங்கிலாந்தில் எப்படி லீவு கேட்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆடி மாதம் பிறந்ததும் இங்கிருந்து அம்மாமார் போன் எடுப்பார்கள். "தம்பி, தேருக்கு வருவியோ?" பிள்ளை அதற்குப் பிறகுதான் மனேஜரிடம் போவான். அதற்குள் காரியம் பிந்திவிடும். ஓகஸ்டில் அங்கே பள்ளிக்கூட விடுமுறை. பிள்ளைகள் உள்ளவர்கள் வருடத் தொடக்கத்திலேயே அந்தக் கிழமைகளைப் பிடித்துவிடுவார்கள்.

நல்லூர்த் திருநாளோ ஒரே திகதியில் நிற்காது. தேர் 2023இல் செப்டெம்பர் 13, 2024இல் செப்டெம்பர் 1, 2025இல் ஓகஸ்ட் 21. போன வருடத் திகதியை வைத்து லீவு கேட்டவர்கள் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கணக்கு பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடியேற்றம், கொடியேற்றத்திலிருந்து இருபத்துநான்காம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். நல்லூருக்கு வாக்கிய பஞ்சாங்கத்தையே பாருங்கள். திருக்கணிதத்தில் சில வேளை ஒரு நாள் முன்பின்னாக வரும். மார்கழியில் புதுக் கலண்டர் கைக்கு வந்ததும் தேர் நாளைப் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.

என் அக்காவின் மகன் 2025 தேருக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் சமயத் திருநாளுக்கென்று தனி லீவு கிடையாது, வருடாந்த லீவில்தான் எடுக்க வேண்டும். கிழமையில் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 28 நாள். வங்கி விடுமுறை எட்டையும் முதலாளி அதற்குள் அடக்கலாம். மருமகனுக்கு அப்படித்தான், கையில் மிஞ்சியது 20. தேர் வியாழன், தீர்த்தம் வெள்ளி. அடுத்து வந்த திங்கள், 25ஆம் திகதி, அங்கே வங்கி விடுமுறை. 18 முதல் 22 வரை ஐந்தே நாள் லீவு கேட்டான். இரு பக்கத்துச் சனி ஞாயிறும் அந்தத் திங்களும் சேர்ந்து பத்து நாள் ஆனது. புதன் சப்பறத்துக்கே வீதியில் நின்றான்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு மெயில் போட்டான். முதலில் எழுதியதை எனக்குக் காட்டினான், அதில் 'பெஸ்டிவல்' என்ற சொல் இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். ஓகஸ்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் வெள்ளைக்கார மனேஜருக்கு நினைவில் வருவது கூடாரம் அடித்துப் பாட்டுக் கேட்கும் கூட்டம். 'ரிலிஜியஸ் ஒப்சேவன்ஸ்', அதாவது சமய அனுட்டானம், என்று எழுத வைத்தேன். எங்கள் ஊர்க் கோயிலின் தேரும் தீர்த்தமும் இந்த இரு நாள், இவற்றை மாற்ற முடியாது, மற்ற மூன்று நாளும் பயணத்துக்கு என்று பிரித்து எழுதினான். பதிலுக்கு நத்தார் நாளில் வேலைக்கு வருவதாகவும் ஒரு வரி சேர்த்தான். பட்டியல் போட்டவன் சொல்கிறேன், அந்த ஒரு வரி மனேஜருக்குப் பெரிய உதவி.

ஏன் பிரித்து எழுத வேண்டும்? லண்டன் பாதாள ரயிலில் வேலை செய்த ஒரு கத்தோலிக்கர், சார்தீனியாத் தீவுக்காரர், ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஊர்த் திருவிழாக்களுக்கென்று ஐந்து கிழமை லீவு கேட்டார். சில வருடம் கிடைத்தது. புது மனேஜர் வந்து மறுத்ததும் சமயப் பாகுபாடு என்று வழக்குப் போட்டார், தோற்றார். அத்தனை திருவிழாவுக்கும் அவர் போகவில்லை, ஐந்து கிழமை கேட்டதற்கு உண்மைக் காரணம் குடும்பத்தோடு இருப்பதே என்று தீர்ப்பாயம் கண்டது. நல்லூரின் 25 நாளையும் சமயக் காரணமாகக் காட்டுபவருக்கும் இதே கேள்வி வரும். கோயிலுக்குரிய நாளைக் கோயிலுக்கென்று கேளுங்கள், அம்மாவோடு இருக்கும் நாளைச் சாதாரண லீவாகக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லாவிட்டால், கேட்கும் நாளின் இருமடங்கோடு இன்னும் ஒரு நாள் சேர்த்து முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஐந்து நாளுக்குப் பதினொரு நாள். முதலாளி மறுப்பதானால் ஆறு நாளுக்கு முன்பாவது சொல்ல வேண்டும். இதைக் கவனியுங்கள்: பதில் வராமல் ரிக்கெற் எடுத்தால், பறப்பதற்குக் கிட்டடியிலும் மறுப்பு வரலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சம்பளமில்லா லீவு கிடைக்குமா என்றும் கேளுங்கள். வருத்தம் என்று பொய் சொல்லி வரவேண்டாம். தேரன்று வடம் பிடிப்பவர் முகமெல்லாம் நேரலையில் உலகம் முழுக்கப் போகிறது.

மருமகனுக்கு மாசி பிறக்கமுதல் பதில் வந்தது. அன்று இரவே ரிக்கெற் எடுத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தான். "மாமா, அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ."