எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூரில் ஆறு கிளைகளும், அவை அனைத்துக்கும் பொதுவாக ஒரு சலவைக்கூடமும் கொண்ட லாண்டரி ஒன்றை நடத்தி வருகிறேன். உரிமையாளர் அன்றாட வேலையிலிருந்து விலகிக்கொள்ள ஏதுவாகச் செயல்முறைக் குறிப்புகளை எழுதுவது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. எங்கள் குறிப்பேட்டின் ஒரே ஒரு பக்கத்தை, சாயம் போகும் துணிகளைப் பற்றிய பக்கத்தை எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நாங்கள் நான்கு முறை எழுத வேண்டியிருந்தது.

எழுதத் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரங்கள் ஒரு சிறிய நோட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கிளையிலிருந்தோ சலவைக்கூடத்திலிருந்தோ யார் அழைத்தாலும், என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று இரண்டு வரியில் குறித்துக்கொண்டேன். இயந்திரத்தை எப்படி இயக்குவது, பில் எப்படிப் போடுவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை; அதெல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை "இதை எதோடு போடுவது", "இந்தக் கறை போகுமா", "வாடிக்கையாளர் சண்டை போடுகிறார், எவ்வளவு கொடுக்கலாம்" என்ற மூன்று கேள்விகளுக்குள் அடங்கின. எழுத வேண்டியவை எவை என்பதை அந்த நோட்டுதான் காட்டியது. அதைப் பார்க்காமல் முன்பே நான் எழுதி வைத்திருந்த நாற்பது பக்கங்களில், கடையை எத்தனை மணிக்குத் திறப்பது என்பதிலிருந்து தொடங்கி எல்லாம் இருந்தன. இந்த மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை இல்லை.

முதல் கேள்விக்காக எழுதிய பக்கத்தின் முதல் வடிவம் ஒரே வரி: "சாயம் போகும் துணிகளைத் தனியாகத் துவைக்கவும்." அது எழுதப்பட்ட மாதத்திலேயே, ஒரு புதிய அரக்குநிறப் பருத்திக் குர்தி, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளோடு ஒரே சுற்றில் போய், சட்டைகள் அத்தனையும் இளஞ்சிவப்பாக வெளியே வந்தன. இயந்திரத்தில் போட்ட பையனை நான் கடிந்துகொண்டபோது, "சாயம் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும், சார்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். என் கண்ணுக்குப் பார்த்தவுடன் தெரிவதை அவனுக்குத் தெரியும் என்று எண்ணி எழுதியிருக்கிறேன்.

ஆகவே இரண்டாம் வடிவத்தில், பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஒரு சோதனையைச் சேர்த்தோம். நாங்கள் துவைக்கும் அதே சோப்புக் கரைசலில் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து, துணியின் உட்புறத் தையல் மடிப்பின் மேல் வைத்து, முப்பது விநாடி கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். துண்டில் நிறம் ஏறியிருந்தால் துணி தனிக்கூடைக்குப் போகும். எழுதி முடித்ததும், கவுண்டருக்கு வந்து நான்கே நாளான ஒரு பெண்ணிடம் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றேன். முதலில் வந்தது பருத்திப் புடவை. அதில் தையல் மடிப்பு எங்கே இருக்கிறது? சிறிது நேரம் தேடியபின், முந்தானையின் நடுவிலேயே ஈரத்துண்டை வைக்கப் போனார். அன்று மாலையே, "புடவையானால் இடுப்பில் சொருகும் முனையில்" என்ற சொற்கள் சேர்ந்தன. எழுதியவர் அருகில் நின்று விளக்காமல், புதிதாக வந்தவர் ஒருவர் செய்வதைப் பார்த்தால்தான் இத்தகைய ஓட்டைகள் கண்ணில் படுகின்றன.

மூன்றாம் வடிவத்தை எழுத வைத்தது "நிறம் ஏறியிருந்தால்" என்ற சொற்றொடர். மிக இலேசாக ஏறியிருந்தால் என்ன செய்வது என்று மறுபடியும் அழைப்புகள் வந்தன. ஜவுளிச் சோதனைக்கூடங்களில் இதற்காகவே ஐந்து முதல் ஒன்று வரை தரமிட்ட சாம்பல் அளவுகோல் அட்டை உண்டு. வெள்ளைத்துணியில் எவ்வளவு நிறம் படிந்தது என்பதை அதோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். எங்கள் கவுண்டருக்கு அவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. உண்மையான சோதனைத் துண்டுகளில் மூன்றைக் காயவைத்து, ஒட்டி, மாட்டி வைத்தோம்: முதலாவதைப் போலிருந்தால் வழக்கமான கூடை, இரண்டாவதைப் போலிருந்தால் அடர்நிறத் துணிகளோடு, குளிர்ந்த நீரில், மூன்றாவதைப் போலிருந்தால் தனியாக, வாடிக்கையாளரிடம் சொல்லி ரசீதில் குறித்த பின். ஈரத்துண்டில் தெரியும் நிறம் சூடான நீரில் நடக்கப்போவதை முழுதாகச் சொல்லிவிடாது. அதனால்தான் இரண்டாவது வகைக்குக் குளிர்ந்த நீர். ஜரிகைப் பட்டு இந்தச் சோதனைக்கே வராது, நேராக டிரைக்ளீனிங்குக்குப் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில துணிகள் ஏமாற்றும். நான்காம் வடிவத்தில் சேர்ந்தது, தவறிப்போனால் செய்ய வேண்டியது. அலசும் நீர் நிறமாக வருவது தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்தி, சாயம் விட்ட துணியைப் பிரித்தெடுத்து, மற்றவற்றை ஈரமாகவே வைத்து மறுபடி துவைக்க வேண்டும்; எக்காரணம் கொண்டும் டிரையருக்குப் போகக் கூடாது, ஏனென்றால் சூடு பட்டால் ஏறிய சாயம் இறுகிவிடும். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்ற வரியும் அங்கே இருக்கிறது. அந்த வரி இல்லாதபோது, என்னைத் தொலைபேசியில் பிடிக்கும் வரை காத்திருந்து, அதற்குள் சாயம் ஊறிப்போன நாள்கள் உண்டு.

மஞ்சள்கறைக்கு எழுதிய பக்கமும் இப்படித்தான். சோப்பில் காரம் இருப்பதால், மஞ்சள் பட்ட இடம் துவைக்கும்போது, சுண்ணாம்பு கலந்த ஆரத்தித் தண்ணீரைப்போலச் சிவந்துவிடும். துணி கெட்டுவிட்டது என்று பதறி அழைப்பார்கள். நன்றாக அலசினால் மஞ்சளாகத் திரும்பும்; மிச்சத்தை வெயில் வெளுத்துவிடும். "சிவந்தால் பயப்பட வேண்டாம், அலசி வெயிலில் போடவும்" என்று எழுதிய பிறகு அந்த அழைப்பு வருவதே இல்லை.

இழப்பீடு கொடுப்பதில் கிளை மேலாளருக்கு ஆயிரம் ரூபாய் வரை முழு உரிமை கொடுத்தேன். சில சமயம் நான் கொடுத்திருக்கக்கூடியதைவிட அதிகமாகவே கொடுக்கிறார்கள். பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது எனக்குக் கடினமாக இருந்தது. ஒருமுறை அழைத்துக் கேட்டுவிட்டேன். விளைவு, அடுத்த பத்து நாளும் நூறு ரூபாய்க்குக்கூட என்னிடம் கேட்டார்கள். பக்கத்தில் எழுதிக்கொடுத்த உரிமையை நானே ஒரு தொலைபேசி அழைப்பில் பறித்திருக்கிறேன்.

இப்போது யார் அழைத்தாலும் முதலில் நான் கேட்பது, "எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்பதுதான். பக்கம் இருந்தால் அதைப் படித்துக்காட்டச் சொல்வேன். இல்லையென்றால் சலவைக்கூட மேலாளர் மாலைக்குள் எழுதி, தேதியிட்டு, ஆறு கிளைகளிலும் பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவார். பழைய தாளைக் கழற்றுவதை ஒருமுறை மறந்து, இரண்டு கிளைகளில் இரண்டு விதமாகத் துவைத்துக்கொண்டிருந்தோம்.

சென்ற மாதம் குடும்பத்தோடு ஒன்பது நாள் ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, கொதிகலனில் கோளாறு. அது என்னிடம் வர வேண்டியதுதான். மற்றது, மறைந்த தன் கணவரின் வேட்டியில் இருந்த கறையை எடுக்கவே கூடாது, துவைத்து மட்டும் தர வேண்டும் என்று ஒரு மூதாட்டி கேட்டிருந்தார். கறையை விட்டுவைக்கச் சொல்லும் பக்கம் எங்களிடம் இல்லை. அவர் சொன்னபடியே குளிர்ந்த நீரில் கையால் அலசிக் கொடுக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் பக்கம் எழுதச் சொல்லவில்லை.