ஒரே ஒரு பாராவ எத்தனை கார்டா உடைக்கணும்?

மக்களே வணக்கம், ஆடியோ சரியா வருதுன்னு நெனைக்கிறேன், ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

இன்னிக்கு ஒரே ஒரு பாரா தான், அத முன்னாடி கேள்வி பின்னாடி பதில்னு எழுதிப் படிக்கிற ஃப்ளாஷ் கார்டா எப்படி உடைக்கறதுன்னு பாப்போம். உடலியல் புக்ல ரத்த அழுத்தம் பத்தி வர்ற பாரா, படிச்சா தலை சுத்தும். என்ன சொல்லுதுன்னா, சிறுநீரகத்துக்கு வர்ற ரத்தத்தோட அழுத்தம் குறைஞ்சா அது ரெனின்னு ஒன்ன வெளிய விடும், ரெனின் போய் கல்லீரல் செஞ்சு அனுப்புன ஒரு புரதத்த வெட்டி ஆஞ்சியோடென்சின் ஒன்னா மாத்தும், அத ஏசிஇன்னு ஒரு என்சைம் ஆஞ்சியோடென்சின் ரெண்டா மாத்தும், இந்த ஆஞ்சியோடென்சின் ரெண்டு தான் ரத்தக்குழாய சுருக்கும், கூடவே அட்ரினல் சுரப்பிய ஆல்டோஸ்டீரோன் விட வைக்கும், அது உப்ப உடம்புல பிடிச்சு வைக்கும், உப்பு பின்னாடியே தண்ணியும் தங்கும், அழுத்தம் ஏறும். மூச்சு வாங்குது.

மொத தடவ நான் இதுக்கு 20 கார்டு போட்டேன். எல்லாமே "ரெனின் எங்கருந்து வருது", "ஏசிஇ எத எதுவா மாத்துது" இந்த ரகம். ரெண்டு நாள்ல எல்லாம் டக்கு டக்குன்னு வந்துச்சு. அப்புறம் டெஸ்ட்ல ஏசிஇய தடுக்குற மருந்து குடுத்தா ரெனின் அளவு என்ன ஆகும்னு கேட்டாங்க, நான் முழிச்ச முழி இருக்கே. இருக்குற எல்லா துண்டும் தெரியும், ஒட்ட வைக்கத் தெரியல.

அதுக்கப்புறம் தான் மூனு லெவலா பிரிக்க ஆரம்பிச்சேன். ஒன்னாவது லெவல், பதில் பாராவுல அப்படியே இருக்கும், ஒரே விஷயம், ஒரே பதில். ரெண்டாவது, ரெண்டு விஷயத்துக்கு நடுவுல இருக்க கண்ணி, அதாவது "ஆல்டோஸ்டீரோன் வந்தா அழுத்தம் ஏன் ஏறுது?" மாதிரி. மூனாவது லெவல் பதில் பாராவுல எந்த வரியிலயும் இருக்கவே கூடாது, ஆனா பாராவ மட்டும் வச்சு கண்டுபிடிக்க முடியணும். அந்த மருந்து கேள்வி இங்க தான் வரும். ஏசிஇ தடுபட்டா ஆஞ்சியோடென்சின் ரெண்டு குறையும், அழுத்தம் இறங்கும், சிறுநீரகம் விடாம ரெனின கொட்டும், அதனால ரெனின் ஏறும். மூனு கண்ணிய கோக்குறோம், அதான் கஷ்டம். பதில் நீளமா இருக்கறதாலயோ பேரு வாய்ல நுழையலங்கறதாலயோ அது மூனாவது லெவல் ஆகாது, நெறைய பேர் இங்க தான் கோட்டை விடுறாங்க.

இன்னொரு குழப்பம். லைட்னர் பெட்டி தெரிஞ்சவங்க, சரியா சொன்னா அடுத்த பெட்டிக்கு, தப்பா சொன்னா மொத பெட்டிக்குன்னு நகர்த்துவாங்கல்ல, அது எப்ப திரும்ப பாக்கணும்ங்கறதுக்கு. லெவல் வேற. மூனாவது லெவல் கார்டு உங்களுக்கு ஈசியா வருதுன்னு அத ஒன்னுன்னு மாத்தாதீங்க, கடைசி பெட்டிக்கு போகட்டும், ஆனா கார்டு மூலையில லெவலுக்குன்னு எழுதுன 3 அப்படியே இருக்கட்டும்.

இப்ப மெயின் மேட்டர். மூனாவது லெவல் கார்டுக்குப் பின்னாடி ஓரமா அது எந்தெந்த ஒன்னாவது லெவல் கார்டு மேல நிக்குதுன்னு நம்பர் எழுதி வைங்க. தப்பாச்சுன்னா அந்த கார்டயே திரும்பத் திரும்ப பாக்காம அந்த நம்பர்கள எடுத்துப் பாருங்க. நான் ஒரு கார்டு போட்டேன், "ஒரு பக்க சிறுநீரகத்துக்குப் போற ரத்தக்குழாய் மட்டும் அடைச்சு சின்னதாச்சு, கையில பாத்தா அழுத்தம் நார்மல், ஆனா கொஞ்ச நாள்ல ஏற ஆரம்பிக்குது, ஏன்?" மூனு தடவ தப்பு. அடியில இருந்த கார்ட எடுத்துப் பாத்தா நானே "ரத்த அழுத்தம் குறைஞ்சா ரெனின் வரும்"னு எழுதி வச்சிருக்கேன்! பாராவுல இருந்தது *சிறுநீரகத்துக்கு வர்ற* ரத்தத்தோட அழுத்தம். அந்த ரெண்டு வார்த்தைய நான் சுருக்குறேன்னு முழுங்கிட்டேன். உடம்பு பூரா நல்லா இருந்தாலும் அந்த ஒரு சிறுநீரகத்துக்கு கொறச்சலா தான் தெரியும், அது ரெனின விடும், அவ்ளோதான். அதனால "ரெனின் வர அழுத்தம் எங்க குறையணும்?"னு புதுசா ஒரு ஒன்னாவது லெவல் கார்டு போட்டேன், மேல இருந்தது தானா சரியாச்சு.

ஏறுமா எறங்குமா கேள்வி போட்டா மட்டும் கூடவே "ஏன்"னு சேத்துக்கோங்க, இல்லன்னா காசு சுண்டுற மாதிரி பாதி தடவ சரியா வந்துரும், நாமளும் தெரியும்னு நம்பிருவோம். ஏன்னு சொல்லாத பதில் தப்பு, அப்படியே மொத பெட்டிக்கு.

கடைசில அந்த 20 கார்டு இப்ப 13 ஆச்சு, ஏழு, நாலு, ரெண்டு. இதுல அந்த ரெண்டு எழுத தான் பாதி நேரம் போச்சு. சரி, சார்ஜ் போகுது, அடுத்த பாராவோட வர்றேன்.