மின் அட்டையில் இருந்து கார்பன் தடம் வரை: ஒரு வீட்டுக் கணக்கு

[திரையில்: மின் கணக்கீட்டு அட்டை. 'நுகர்வு 400 யூனிட்' என்ற வரி பெரிதாகிறது]

வணக்கம். உமிழ்வு, கார்பன் தடம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல். இந்த மூன்றும் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. அகராதியில் பொருள் பார்த்தால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு விளம்பரத்தையோ அரசு அறிவிப்பையோ எடைபோட முடியாது. அதனால் இன்று ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் நான்கு பேர் இருக்கும் வீடு. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் மின்சாரம், ஒன்றரை கேஸ் சிலிண்டர், ஸ்கூட்டருக்கு 20 லிட்டர் பெட்ரோல். பல வீடுகளில் இதை ஒட்டித்தான் செலவு இருக்கும். உங்கள் வீட்டு எண்களையும் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.

முதலில் பெட்ரோல். அதில்தான் உமிழ்வு என்றால் என்னவென்று நேரடியாகப் பார்க்க முடியும்.

[திரையில்: ஒரு லிட்டர் பாட்டில், பக்கத்தில் தராசு]

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது எரிந்ததும் வண்டியின் புகைக்குழாய் வழியாக ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. முக்கால் கிலோ எரிந்து இரண்டேகால் கிலோவுக்கு மேல் எப்படி வந்தது? மீதி எடை காற்றில் இருந்து வந்த ஆக்சிஜனுடையது. பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் எரியும்போது இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்றால், அந்த இரண்டு ஆக்சிஜனின் எடை 32. மொத்தம் 44. அதாவது எரிபொருளில் இருக்கும் ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் சுமார் 3.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும்.

இப்படி ஒரு செயலால் காற்றில் கலக்கும் வாயுவைத்தான் உமிழ்வு என்கிறோம். கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கண்ணை எரிக்கும் கரும்புகை வேறு விஷயம். அது மூச்சுக்குக் கேடு, அதற்குத்தான் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வாங்குகிறோம். சான்றிதழில் எல்லாம் சரியாக இருக்கும் வண்டியும் லிட்டருக்கு அதே 2.3 கிலோவைத்தான் விடும்.

சிலிண்டருக்கும் இதே கணக்குதான். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. முழுதாக எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

அடுத்தது மின்சாரம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

மிக்ஸி ஓடும்போதோ ஃபேன் சுற்றும்போதோ வீட்டில் எதுவும் எரியவில்லை. எரிவது வேறு இடத்தில், எண்ணூரிலோ மேட்டூரிலோ நெய்வேலியிலோ, கொதிகலனுக்குள். நிலக்கரியில் இருந்து ஒரு யூனிட் தயாரிக்க ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. காற்றாலையும் சூரியத் தகடும் இயங்கும்போது எதையும் வெளியிடுவதில்லை. அணையில் இருந்து வரும் நீர்மின்சாரமும் பெரும்பாலும் அப்படித்தான். எல்லாம் ஒரே மின்தொகுப்பில் கலந்து வருவதால், உங்கள் வீட்டு யூனிட் எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சராசரி எடுக்கிறார்கள். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்தச் சராசரியை வெளியிடுகிறது. இப்போது அது யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியில் இருந்து வருவதால்தான் எண் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது. வழியில் கம்பிகளில் வீணாகும் மின்சாரம் இந்த 0.7-இல் அடங்காது. அதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

[திரையில் வரிசையாக:
மின்சாரம்: 400 × 0.7 = 280 கிலோ
சிலிண்டர்: 1.5 × 42 = 63 கிலோ
பெட்ரோல்: 20 × 2.3 = 46 கிலோ
மொத்தம்: 389 கிலோ]

இரண்டு மாதத்துக்கு 389 கிலோ. இதில் 280 கிலோ, வீட்டுக்குள் புகையே இல்லாத மின்சாரத்தினுடையது. பெட்ரோல் கடைசியில் நிற்கிறது. வண்டியைத்தான் பெரிய குற்றவாளி என்று நினைத்திருப்போம், இந்த வீட்டில் அது மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு. இன்னொன்றும் கவனியுங்கள். முதல் 100 யூனிட்டுக்கு நமக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த நூறுக்கும் நிலக்கரி எரிந்திருக்கிறது. 400-க்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதை ஆறால் பெருக்கினால் ஆண்டுக்கு 2,334 கிலோ. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 580 கிலோ சொச்சம். இதுதான் இவர்களுடைய கார்பன் தடமா?

இல்லை. தடத்தின் ஒரு பகுதிதான் இது. இந்தியாவில் ஒருவருக்கு ஆண்டுக்கு சராசரியாக சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கிடுகிறார்கள். 580 கிலோ போக மீதி எங்கே? அது பில்லாக வீட்டுக்கு வருவதில்லை. பேருந்தின் டீசலிலும், சட்டைத் துணிக்கு ஓடிய ஆலையிலும், வாசல் கம்பிக் கதவின் இரும்பிலும், வீட்டுச் சுவரின் சிமெண்டிலும் இருக்கிறது. நேரடியாக நாம் எரிப்பது, நமக்காக வேறு இடத்தில் எரிவது, நாம் வாங்கும் பொருளைச் செய்யும்போது வெளியேறியது என எல்லாவற்றையும் கூட்டி வரும் தொகைதான் கார்பன் தடம். உமிழ்வு என்பது ஓர் இடத்தில் நடப்பது. தடம் என்பது ஒருவர் பேரிலோ ஒரு பொருளின் பேரிலோ எழுதப்படும் கணக்கு.

சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். அரியலூர் பக்கம் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சூடாக்கும்போது, கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடே பிரிந்து வெளியே வந்துவிடுகிறது. சூளைக்கு எரிக்கும் எரிபொருளின் உமிழ்வு தனி. 50 கிலோ மூட்டைக்கு எல்லாம் சேர்த்து 30 கிலோ அளவில் வரும். நாளைக்கே சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் கல்லில் இருந்து வருவது நிற்காது. எல்லா உமிழ்வும் எரிப்பதால் வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

நெல்லும் அப்படித்தான். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில், காற்றுப் படாத சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன், சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும். அதனால் ஒரு கிலோ மீத்தேனை 28 கிலோ என்று எழுதிக்கொள்கிறார்கள். 'கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான அளவு' என்று அறிக்கைகளில் வருவது இந்த மாற்றுக் கணக்குதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் வயலில் சேறு அவ்வப்போது காற்றைப் பார்ப்பதால் மீத்தேன் குறைகிறது.

[திரையில்: ஆரல்வாய்மொழிக் கணவாய், வரிசையாகக் காற்றாலைகள்]

இனி மூன்றாவது சொல். எடுக்க எடுக்கத் தீராமல், மனித வாழ்நாளுக்குள் இயற்கை திரும்ப நிரப்பிவிடும் மூலத்தில் இருந்து வருவது புதுப்பிக்கத்தக்க ஆற்றல். காற்று, வெயில், ஓடும் நீர், விறகு, சாணம். விறகைச் சொன்னதும் சிலர் யோசிப்பீர்கள். விறகும் புதுப்பிக்கத்தக்கதுதான், மரம் மறுபடி வளரும். ஆனால் அடுப்பில் எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் புகையும் வரும். மரம் வளராமல் போனால் அந்தக் கார்பன் காற்றிலேயே தங்கிவிடும். கூடங்குளம் இதற்கு நேர் எதிர். யுரேனியம் தோண்டித் தீர்க்கும் பொருள், புதுப்பிக்கத்தக்கது இல்லை. ஆனால் அணு உலை இயங்கும்போது கார்பன் டை ஆக்சைடு வருவதில்லை. 'புதுப்பிக்கத்தக்கது', 'உமிழ்வு குறைந்தது' இரண்டையும் ஒன்றாக நினைத்தால் இங்கேதான் தடுக்கி விழுவோம்.

காற்றாலை, சூரியத் திட்டங்களைப் பற்றிய செய்திகளில் மெகாவாட் என்று ஓர் எண் வரும். கமுதியில் 2016-இல் தொடங்கிய சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். அது திறன், மின்சாரத்தின் அளவு அல்ல. மாடியில் வைக்கும் ஒரு கிலோவாட் தகட்டை எடுத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு 24 யூனிட் வர வேண்டும். உண்மையில் நம் ஊர் வெயிலில் சராசரியாக 4 யூனிட் வரும். இரவு உண்டு, மேகம் உண்டு, காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும். தகட்டில் தூசி படிந்தால் இன்னும் குறையும். அனல் மின்நிலையத்தின் ஒரு மெகாவாட்டையும் சூரியத் தகட்டின் ஒரு மெகாவாட்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடும் செய்தியைப் பார்த்தால், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று தேடுங்கள்.

தகடு செய்யும்போதும் உமிழ்வு உண்டு. சிலிக்கானை உருக்கிச் சுத்தப்படுத்த நிறைய மின்சாரம் தேவை. அதையும் தகட்டின் ஆயுளான 25 ஆண்டுக்குப் பிரித்துப் போட்டால் யூனிட்டுக்குச் சில பத்து கிராம்தான் வரும். நிலக்கரியின் ஒரு கிலோவுக்கு முன்னால் இது மிகச் சிறியது. பூஜ்யம் என்று மட்டும் சொல்லக் கூடாது.

மின்சார ஸ்கூட்டர் விளம்பரத்தில் 'உமிழ்வே இல்லை' என்று போடுவார்கள். புகைக்குழாய் இல்லை, அது உண்மை. நூறு கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 4 யூனிட் என்று வைத்தால், 0.7-ஆல் பெருக்க 2.8 கிலோ. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அதே தூரத்தில் 5.1 கிலோ. பாதியை ஒட்டிக் குறைகிறது. மின்தொகுப்பில் நிலக்கரி குறையக் குறைய, வாங்கிய வண்டியை மாற்றாமலேயே இந்த எண்ணும் இறங்கும்.

அந்த 0.7 சராசரி என்பதை மறக்க வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை கணவாய்களில் காற்று வீசும் காலத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு, தமிழ்நாட்டின் மின்சாரத்தில் காற்றும் வெயிலும் பெரும் பங்கு. அதே ஊரில் டிசம்பர் மாதம் இரவு எட்டு மணிக்கு வெயில் இல்லை, காற்றும் தளர்ந்திருக்கும். விளக்கும் டிவியும் அடுப்படிச் சாமான்களும் ஒன்றாக ஓடும் நேரம் அதுதான். அந்தத் தேவையின் பெரும் பகுதியை நிலக்கரிதான் தாங்குகிறது. மறுபக்கம், காற்று அதிகமாக வீசி, வாங்க ஆள் இல்லாமலோ கொண்டுபோகக் கம்பி போதாமலோ ஆகும்போது, காற்றாலைகளின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் நிலையும் வருகிறது.

[திரையில்: மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம், நடுவே குழாய்]

இந்த இடைவெளியை அடைக்க ஒரு வழி கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவார்கள். தேவைப்படும் நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவானதில் ஒரு பகுதி திரும்பி வராது, அது இந்த முறையின் விலை. அதன் திறன் 400 மெகாவாட். நூறு மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. மாநிலத்தின் மாலைநேரத் தேவை பல ஆயிரம் மெகாவாட். காடம்பாறை போல இன்னும் பல, அவற்றோடு பெரிய பேட்டரிகள், எல்லாம் வந்தால்தான் நம் இரவு எட்டு மணி யூனிட்டின் கணக்கு மாறும்.