ஃபின்னை இரண்டு மடங்கு நீட்டினால் வெப்பமும் இரண்டு மடங்கு வெளியேறுமா?

[திரையில்: இரண்டு அலுமினியத் தகடுகள். ஒன்று 50 மி.மீ., இன்னொன்று 100 மி.மீ.]

சூடான பொருளிலிருந்து வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் மெல்லிய தகடுதான் ஃபின். இந்த இரண்டு ஃபின்களும் ஒரே அலுமினியம், ஒரே தடிமன், ஒரே அகலம். ஒன்று மட்டும் சரியாக இரண்டு மடங்கு நீளம். அப்படியென்றால் வெப்பமும் இரண்டு மடங்கு வெளியேறுமா? வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் பதிலை கமென்ட்டில் போடுங்கள். அப்புறம் தொடரலாம்.

ஃபின்னின் அடிப்பக்கம் 80 டிகிரி, சுற்றியுள்ள காற்று 30 டிகிரி. அகலம் 100 மி.மீ., தடிமன் 1 மி.மீ. அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் k = 200. சின்ன ஃபேன் ஒன்று ஓடுகிறது, அதனால் காற்றுக்குப் போகும் வெப்பத்தின் கெழு h = 40 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் SI அலகுகள்.

[திரையில்: ஃபின்னில் ஒரு மெல்லிய துண்டு மட்டும் சிவப்பில்]

ஃபின்னின் நடுவே ஒரு மெல்லிய துண்டை மட்டும் பாருங்கள். அடிப்பக்கத்திலிருந்து அதற்குள் வெப்பம் வருகிறது. கொஞ்சம் காற்றுக்குப் போகிறது, மிச்சம் நுனியை நோக்கி நகர்கிறது. காற்றைவிட அந்த இடம் எத்தனை டிகிரி கூடுதல் சூடாக இருக்கிறதோ, அதுதான் θ. இந்த வரவு செலவை எழுதினால் வருவது இதுதான்:

θ″ = m²θ, m = √(hP/kA)

P சுற்றளவு, A குறுக்குவெட்டுப் பரப்பு. நம் தகட்டுக்கு m = 20.

தன்னையே இருமுறை வகையிட்டால் திரும்பவும் தானே வரும் சார்புகள் cosh, sinh என்ற அதிபரவளையச் சார்புகள். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி இருக்கிறது. தூரத்தை அடியிலிருந்து அளக்காமல் நுனியிலிருந்து அளந்து பாருங்கள். நுனியின் விளிம்பு வெறும் 1 மி.மீ. தடிமன். அது வழியாகப் போகும் வெப்பம் மிகச் சொற்பம் என்பதால் அதை விட்டுவிடலாம். அப்போது நுனியில் வெப்பநிலைச் சரிவு பூஜ்யம். பூஜ்யத்தில் தட்டையாக இருப்பது cosh. sinh அங்கே சாய்ந்திருக்கும், எனவே அது தானாகவே வெளியேறிவிடுகிறது. எல்லை நிபந்தனைகளோடு மல்லுக்கட்ட வேண்டிய வேலையே இல்லை!

அடிப்பக்கத்தில் சரிவைக் கண்டுபிடித்து kA-ஆல் பெருக்கினால் ஃபின் வெளியேற்றும் மொத்த வெப்பம் கிடைக்கும்:

Q = kAm · θ₀ · tanh(mL)

L ஃபின்னின் நீளம், θ₀ அடிப்பக்கத்தில் உள்ள θ, tanh என்பது sinh-ஐ cosh-ஆல் வகுத்தது. நம் தகட்டுக்கு kAm = 0.4, θ₀ = 50. ஆக Q = 20 × tanh(20L) வாட். முன்னால் நிற்கும் இந்த 20-ஐ நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: எண்கள் ஒவ்வொன்றாக வருகின்றன]

நீளம் 50 மி.மீ. என்றால் mL = 1, வெப்பம் 15.2 வாட். 100 மி.மீ. ஆக்கினால் 19.3 வாட். உலோகம் இரண்டு மடங்கு, கூடியது 4 வாட் மட்டுமே. இன்னும் நீட்டி 150 மி.மீ. ஆக்குங்கள்: 19.9 வாட். மூன்றாவது 50 மி.மீ. முழுக்க முழுக்கச் சேர்ந்து அரை வாட்டுக்கும் சற்று மேலேதான் தந்திருக்கிறது. ஒரு கிலோமீட்டர் நீட்டினாலும் 20 வாட்டைத் தாண்டாது, ஏனென்றால் tanh ஒன்றைத் தாண்டாது.

காரணம் நுனியில் இருக்கிறது. 50 மி.மீ. ஃபின்னின் நுனி சுமார் 62 டிகிரி, காற்றைவிட நல்ல சூடு. 150 மி.மீ. ஃபின்னின் நுனி 35 டிகிரிதான். காற்றோடு கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும் உலோகம் காற்றுக்கு எதைக் கொடுக்கும்?

இப்போது அந்த 100 மி.மீ. தகட்டைப் பாதியாக வெட்டி, இரண்டு 50 மி.மீ. ஃபின்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். அதே எடை, அதே விலை. வெப்பம் 19.3-இலிருந்து 30.5 வாட்டுக்குத் தாவுகிறது! கம்ப்யூட்டர் சிப்பைக் குளிர்விக்க அதன் மேல் வைக்கும் ஹீட் சிங்கில் நீளமான ஒரே தகடு இல்லாமல் குட்டையான பல தகடுகள் வரிசையாக நிற்பது இதனால்தான்.

அதற்காக நெருக்கி அடுக்கிவிடக் கூடாது. இடைவெளி குறுகினால் காற்று உள்ளே போகாமல் சுற்றிப் போய்விடும், h விழுந்துவிடும். நம் சமன்பாடு h-ஐ நீளம் முழுக்க ஒரே எண்ணாக எடுத்துக்கொள்கிறது. அதன் பலவீனம் அங்கேதான்.

உங்களிடம் ஒரு ஹீட் சிங்கும் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளும் இருந்தால் இதைச் சோதியுங்கள். நுனியின் சூடு அடிப்பக்கத்தை ஒட்டியே இருந்தால் உலோகம் தன் வேலையைச் செய்கிறது, தடை காற்றுப் பக்கம்தான், ஃபேனைக் கூட்டுங்கள். நுனி காற்றின் சூட்டுக்கு இறங்கிவிட்டால் ஃபின் தேவைக்கு மேல் நீளம். சிப் கொதிக்கிறது, ஆனால் ஃபின்னின் அடிப்பக்கமே சூடாகவில்லை என்றால் குற்றம் ஃபின்னில் இல்லை. சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட்டைப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: அதே 50 மி.மீ. தகட்டைச் செம்பில் செய்தால், k = 400, எத்தனை வாட்? இரண்டு மடங்கு என்று எழுதிவிடாதீர்கள். 17-ஐ ஒட்டி வந்தால் நீங்கள் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். படிகளோடு கமென்ட்டில் எழுதுங்கள், நான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.