அடுத்த மாத இலக்கை எந்த எண்ணிலிருந்து எடுப்பது?

[திரையில்: காலியான ஒரு மாத காலண்டர்]

"இந்த மாசம் பத்தாயிரம் சப்ஸ்கிரைபர்." புதிய சேனல் தொடங்கியவர்கள் பலர் இப்படித்தான் எழுதி வைக்கிறார்கள். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. உங்கள் சேனலின் பழைய எண்களிலிருந்தே இலக்கை எடுக்கலாம். ஒரு கற்பனைச் சேனலை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் மூன்று வீடியோ, மூன்று மாதத்தில் ஒன்பது. யூடியூப் ஸ்டுடியோவின் அனலிடிக்ஸில் ஒவ்வொரு வீடியோவுக்கும் வெளியான நாளிலிருந்து 28 நாட்களைத் தேர்ந்தெடுத்து, அந்த வியூஸை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வீடியோவுக்கும் ஒரே வயது இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதமாக ஓடும் வீடியோவையும் போன வாரம் போட்டதையும் ஒப்பிடுகிற தவறு நடக்கும்.

[திரையில்: 140, 160, 180, 190, 210, 230, 260, 310, 6,200]

சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியிருக்கிறோம். சராசரி எடுத்தால் ஒரு வீடியோவுக்கு சுமார் 875 வரும். ஆனால் ஒன்பதில் எட்டு வீடியோ அதன் பாதியைக்கூடத் தொடவில்லை! வைரலான அந்த ஒற்றை வீடியோதான் சராசரியை இழுத்துவிட்டது. அதை நம்பினால் அடுத்த மாதம் மூன்று வீடியோவுக்கு 2,600 வியூஸ் என்று எழுதுவீர்கள், 600 வந்ததும் சேனல் படுத்துவிட்டது என்று பயப்படுவீர்கள். உண்மையில் எதுவும் குறைந்திருக்காது.

அதனால் வரிசையில் நடுவில் நிற்கும் ஐந்தாவது எண்ணை எடுங்கள். 210. மூன்று வீடியோவுக்கு 630. இதுதான் உங்கள் அடித்தளம். மூன்றாவது எண்ணான 180-ஐ வைத்தால் 540, ஏழாவதான 260-ஐ வைத்தால் 780. அடுத்த மாதம் 540-க்கும் 780-க்கும் இடையில் வந்தால் அது வழக்கமான மாதம். இலக்காக 700 வைக்கலாம், கொஞ்சம் உழைத்தால் எட்டக்கூடியது.

சரி, சப்ஸ்கிரைபர்? வைரலானதை ஒதுக்கிவிட்டு மீதி எட்டு வீடியோவைப் பாருங்கள். மொத்தம் 1,680 வியூஸ், அவற்றிலிருந்து 25 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு வியூஸுக்கு ஒன்றரைப் பேர். 700 வியூஸுக்குப் பத்துப் பேர். பத்து என்று எழுதக் கை கூசும், எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதையே எழுதுங்கள்.

அந்த 6,200-ஐத் தூக்கிப் போட வேண்டாம், அப்புறம் தனியாகப் பாருங்கள். அந்த வியூஸ் எங்கிருந்து வந்தன? தேடலிலிருந்து வந்திருந்தால் அந்தத் தலைப்புக்குத் தேவை இருக்கிறது, அதையொட்டி இன்னொரு வீடியோ போட்டுச் சோதிக்கலாம். முகப்புப் பக்கப் பரிந்துரையில் சில நாட்கள் மட்டும் எகிறி அடங்கியிருந்தால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

[திரையில்: பட்டியலின் மூன்று எண்கள் மறைந்து, புதிதாக மூன்று வருகின்றன]

புதிய மூன்று வீடியோவுக்கும் 28 நாள் முடிந்ததும் பட்டியலில் மிகப் பழைய மாதத்தின் மூன்று எண்களை எடுத்துவிட்டு இவற்றைச் சேருங்கள். மறுபடி அடுக்கி, நடு எண் 210-லிருந்து எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.