ஒரு துளி ரத்தமும் மூன்று எண்களும்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் இந்த மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல ஆண்டுகள் லேப் டெக்னீசியனாக இருந்தவன். இன்றைக்கு உங்களிடம் பேச வந்திருப்பது ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பதைப் பற்றி. நம் ஊரில் "ரத்த அளவு" என்போமே, அதுதான்.

ஒரு மார்கழி மாதக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கர்ப்பிணிகளுக்கான முகாம். ஏழு மாத கர்ப்பிணி ஒருவர் குளிரில் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். உதவிக்கு வந்திருந்த பெண் அவருடைய விரலில் குத்தினார். ரத்தம் வரவில்லை. விரலை அழுத்திப் பிழிந்து ஒரு துளி எடுத்தார். கைக்கு அடக்கமான கருவியில் வந்த எண் 9.8. நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அக்கா, கொஞ்ச நேரம் வெயிலில் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு, கால் மணி நேரம் கழித்து இன்னொரு கையில் நானே எடுத்தேன். அதே கருவிதான். இப்போது 10.9. சந்தேகம் தீரவில்லை என்பதால் முழங்கை நரம்பில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஊதா மூடிக் குழாயில் போட்டு, எங்கள் நிலையத்தில் ரத்த அணுக்களை எண்ணும் கவுன்ட்டர் இயந்திரத்தில் ஓட்டினேன். 11.1 வந்தது.

மூன்று எண்களும் ஒரே பெண்ணுடையவை, ஒரே காலையில் எடுத்தவை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நூறு மில்லி ரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரமானது, 7க்குக் கீழே கடுமையானது. அப்படியென்றால் முதல் எண்ணின்படி அவருக்கு நடுத்தர ரத்தச்சோகை, இரண்டாவதின்படி லேசானது, மூன்றாவதின்படி ரத்தச்சோகையே இல்லை. முதல் எண்ணோடு அனுப்பியிருந்தால் தினம் ஒன்று போடும் இரும்புச்சத்து மாத்திரையை இரண்டாக்கியிருப்பார்கள். வயிற்றுப் பிரட்டல் கூடியிருக்கும். "உடம்பில் ரத்தமே இல்லையாம்" என்று வீட்டில் மாமியார் தொடங்கி எல்லோரும் பயந்திருப்பார்கள்.

சரி, கருவி பொய் சொன்னதா? இல்லை. அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்தால் தவறு எங்கே நுழைந்தது என்பது புரியும்.

முதலில் லேப் முறை. ட்ராப்கின் கரைசல் என்று ஒன்று உண்டு. அதில் 5 மில்லி எடுத்து, 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தைக் கலப்போம். ரத்தம் 251 மடங்கு நீர்த்துப் போகும். சிவப்பணுக்கள் உடைந்து, ஹீமோகுளோபின் முழுவதும் நிலையான ஒரே நிறப்பொருளாக மாறும். சில நிமிடம் பொறுத்து, 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை அதன் வழியே விட்டு, எவ்வளவு ஒளி விழுங்கப்பட்டது என்று அளப்போம். ஹீமோகுளோபின் கூடுதலாக இருந்தால் விழுங்கப்படும் ஒளியும் கூடும். உலகம் முழுவதும் மற்ற முறைகளை ஒத்துப் பார்ப்பது இந்த முறையோடுதான். கரைசலில் சயனைடு இருப்பதால் இப்போதைய கவுன்ட்டர் இயந்திரங்கள் பலவற்றில் சயனைடு இல்லாத வேறு ரசாயனம் போடுகிறார்கள். ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: நிறமாக்கி, ஒளியால் அளப்பது.

முகாமுக்குக் கொண்டுபோகும் போட்டோமீட்டரும் இதைத்தான் சின்ன இடத்தில் செய்கிறது. கியூவெட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் நுனியை ரத்தத் துளியில் வைத்தால், அது தானாகவே சுமார் 10 மைக்ரோலிட்டரை உறிஞ்சிக்கொள்ளும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில், தகட்டின் உள்ளே தூளாகப் பூசியிருக்கும் ரசாயனம் அணுக்களை உடைத்து நிறமாற்றம் செய்யும். கருவி இரண்டு அலைநீளங்களில் ஒளி பாய்ச்சும். ஒன்று ஹீமோகுளோபினை அளக்க, மற்றது ரத்தத்தின் கலங்கலைக் கழிக்க. ஒரு நிமிடத்துக்குள் எண் வந்துவிடும். நரம்பில் எடுத்து நன்றாகக் கலக்கிய ரத்தத்தை இந்தக் கருவியிலும் கவுன்ட்டரிலும் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் பெரும்பாலும் அரை கிராமுக்குள் அடங்கிவிடும். கருவி நல்ல கருவிதான்.

ஆனால் விரல் துளி வேறு விஷயம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பெண்ணுக்கு உண்மையில் 11 கிராம் இருக்கிறது. கியூவெட் எடுப்பது 10 மைக்ரோலிட்டர். விரலைப் பிழியும்போது சதைக்குள் இருக்கும் நீரும், துடைத்து உலராத ஸ்பிரிட்டும் ரத்தத்தோடு சேர்கின்றன. பத்துப் பங்கு ரத்தத்துக்கு ஒரே ஒரு பங்கு நீர் சேர்ந்தால்கூட 11ஐப் பத்தால் பெருக்கிப் பதினொன்றால் வகுக்க வேண்டும். வருவது 10. கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஒரு முழு கிராமைச் சாப்பிட்டுவிட்டது. அந்த மார்கழிக் காலையில் நடந்தது இதுதான். குளிரில் விரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருந்தன, ரத்தம் தானாக ஓடி வரவில்லை, பிழிய வேண்டியதாயிற்று.

பிழியாமல் எடுத்தாலும் ஒரே விரலின் அடுத்தடுத்த துளிகள் ஒரே எண்ணைத் தருவதில்லை. ஒரு துளியில் அணுக்கள் கொஞ்சம் கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருக்கும். விரல் எண் உண்மையைவிட மேலேயும் போகலாம். எனக்கு அதிகம் பயம் தருவது இந்த மேலே போவதுதான். குறைவாகக் காட்டினால் இன்னொரு முறை பார்ப்பார்கள், கூடுதலாகக் காட்டினால் அந்தப் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே விரலில் எடுப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. கை சூடாக இருக்க வேண்டும், உட்கார்ந்து சில நிமிடம் ஆகியிருக்க வேண்டும். நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில், நடு மேட்டைவிட்டுச் சற்றுப் பக்கவாட்டில் குத்த வேண்டும். ஸ்பிரிட் தானாக உலர வேண்டும். மெதுவாகக் குத்தினால் வலிக்காது என்று நினைத்து லேசாகக் குத்துகிறவர்கள், பிறகு பிழிந்து இரண்டு மடங்கு வலியைக் கொடுக்கிறார்கள். ஒரே குத்து, சரியான ஆழத்தில். முதல் இரண்டு துளிகளை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு, அதன்பின் தானாகத் திரளும் பெரிய துளியின் நடுவில் கியூவெட்டை வைத்து, ஒரே மூச்சில் நிரப்ப வேண்டும். பாதி நிரம்பியதை இன்னொரு துளியால் நிரப்பக் கூடாது. வெளிப்பக்கம் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்காவிட்டால் எண் கூடும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் எண் குறையும். வெளிச்சத்தில் ஒரு முறை தூக்கிப் பார்த்தால் குமிழி தெரிந்துவிடும்.

எனக்கே நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்து முகாமில் மதியத்துக்குப் பிறகு வந்த எண்கள் எல்லாம் 9, 9.5 என்றே இருந்தன. ஒரு ஊரில் அத்தனை பேருக்கும் அப்படியா என்று தோன்றியது. என் ரத்தத்தையே பார்த்தேன். வழக்கமாக 14க்குச் சற்று மேலே இருக்கும், அன்றைக்கு 12.6 காட்டியது. அப்புறம்தான் கியூவெட் டப்பாவைப் பார்த்தேன். காலையிலிருந்து மூடி திறந்தே கிடந்திருக்கிறது. அந்த வகைக் கியூவெட்டில் இருக்கும் ரசாயனம் ஈரக்காற்றுப் பட்டால் கெட்டுவிடும், எண் குறைந்து வரும். மூடியை நான்தான் மூடாமல் விட்டிருந்தேன். மதியம் பார்த்த எல்லோரையும் மறுநாள் திரும்ப வரவழைத்தோம். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அன்றிலிருந்து டப்பா திறந்த தேதியை அதன்மேலேயே எழுதிவிடுவேன். முகாம் தொடங்கும்போதும் மதியம் திரும்பத் தொடங்கும்போதும், அளவு தெரிந்த கன்ட்ரோல் திரவத்தைப் போட்டுப் பார்த்துவிடுவேன்.

இனி நிற அட்டை. உலக சுகாதார நிறுவனத்துக்காக 1990களில் உருவாக்கப்பட்டது அது. 4, 6, 8, 10, 12, 14 என்று ஆறு சிவப்புகள் அச்சிட்டிருக்கும். அதற்கென்றே உள்ள தாளில் ஒரு துளி விட்டு, அரை நிமிடம் கழித்து, இரண்டு நிமிடம் ஆவதற்குள் ஒத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், செலவும் மிகக் குறைவு. ஆனால் ஒரு சிவப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் 2 கிராம். கண் பழகியவர்கள் நடுவில் ஒன்றை ஊகிக்கலாம், அதற்கு மேல் முடியாது. எனவே 10.5ஆ, 11ஆ என்று இந்த அட்டையிடம் கேட்கக் கூடாது. இந்தப் பெண் 6க்குப் பக்கத்தில் இருக்கிறாரா, இன்றைக்கே வண்டி ஏற்றி அனுப்ப வேண்டுமா என்று கேட்டால், வெறும் கண்ணிமையைக் கீழே இழுத்து வெளுப்புப் பார்ப்பதைவிட நல்ல பதில் சொல்லும். இன்னொன்று, வெளிச்சம். முகாம்களில் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். அதன் அடியில் அட்டையைப் பார்த்தால் சிவப்பே வேறாகத் தெரியும். நேர் வெயிலும் ஆகாது. தார்ப்பாயை விட்டு வெளியே வந்து, மர நிழலிலோ திண்ணையிலோ நின்று பார்க்க வேண்டும்.

பழைய சாலி முறையும் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ரத்தத்தை அமிலத்தில் கலந்து, பழுப்பு நிறமானதும் தண்ணீர் விட்டு விட்டுக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப் பார்ப்பது. பத்து நிமிடம் காத்திருக்காமல் பார்த்தால் நிறம் முழுதாக வந்திருக்காது, எண் குறையும். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது யார் பத்து நிமிடம் காத்திருப்பார்கள்? போட்டோமீட்டர் கிடைக்கும் இடத்தில் இதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

விரலுக்கும் நரம்புக்கும் உள்ள வித்தியாசம் நாட்டுக் கணக்கிலும் தெரிகிறது. 2015-16இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வில் விரல் ரத்தம் எடுத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 59 பேருக்கு ரத்தச்சோகை என்று வந்தது. 2016-18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பு ரத்தத்தை லேபில் பார்த்தார்கள். சுமார் 41 பேர் என்று வந்தது. வயது வரம்பு, மாதிரி எடுத்த விதம் எல்லாம் சற்று வேறு என்பதால் வித்தியாசம் முழுவதையும் விரல்மேல் போட முடியாது. ஆனாலும் விரலுக்கு அதில் பங்கு இருக்கிறது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் முடிந்தவரை நரம்பு ரத்தத்தைத் தானியங்கி இயந்திரத்தில் பார்க்கவே சொல்கிறது.

அதற்காக மலைக் கிராமத்தில் விரல் குத்தவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சித்தேரி மாதிரி மலை ஊருக்குக் கவுன்ட்டரைத் தூக்கிப் போக முடியாது. நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. விரலில் 8க்குக் கீழே வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புவேன், நரம்பு ரத்தத்தை அங்கே பார்க்கட்டும். 10க்கும் 12க்கும் இடையில் வந்தால் அந்த எண்ணை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் நரம்பு ரத்தம் எடுத்துக் குழாயில் கொண்டுவந்துவிடுவேன். எடுத்தவுடன் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. இயந்திரத்தில் வைக்கும் முன்பும் அதே மாதிரி, இல்லாவிட்டால் அணுக்கள் அடியில் தங்கி எண் தவறிவிடும்.

அந்தப் பென்னாகரத்துப் பெண்ணின் தாய் சேய் நல அட்டையில் 9.8ஐ அடித்துவிட்டு, 11.1 என்று எழுதி, பக்கத்தில் "நரம்பு ரத்தம், கவுன்ட்டர்" என்று சேர்த்தேன். மாத்திரை தினம் ஒன்று தொடர்ந்தது. அடுத்த மாதம் செவிலியர் அட்டையைப் பார்த்துவிட்டு, விரலில் குத்தாமல் குழாயில் ரத்தம் எடுத்து எனக்கு அனுப்பினார். 11.3 இருந்தது.

வணக்கம்.